இரண்டு விசைப்பலகை மாப்பிள்ளை

அச்சகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏழு வருஷம் ஆகிறது. முதலாளியிலிருந்து தாள்கட்டு சுமப்பவர் வரை எல்லோருக்கும் அவள் 'புள்ளியக்கா'. வாரப் பத்திரிகை ஒன்றுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை. அறுபத்து நான்கு பக்கத்தில் எங்கேயாவது ஒரு மெய்யெழுத்தின் தலையிலிருந்து புள்ளி உதிர்ந்து போயிருந்தால், சோற்றில் கிடக்கிற கல் மாதிரி அவள் கண்ணில் நெருடும்.

ஆனால் அவளுடைய கெட்டிக்காரத்தனம் அதோடு நிற்கவில்லை. பிழையைப் பார்த்தே, அதை அடித்தவர் எந்த விசைப்பலகையில் அடித்தார், கம்ப்யூட்டரிலா போனிலா என்று சொல்லிவிடுவாள். ஜோசியம் கிடையாது, அனுபவம்தான்.

"பழைய டைப்ரைட்டர் முறையில அடிக்கிறவங்களுக்குப் பொத்தானை அமுக்கினா 'க' வரும், 'ம' வரும். புள்ளி வேணும்னா தனியா இன்னொரு பொத்தான். அதனால அவசரத்துல அவங்க புள்ளியைத் தொலைப்பாங்க. பொனெட்டிக் முறையில, அதான் 'ammaa'ன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா 'அம்மா'ன்னு வருமே, அதுல முதல்ல வர்றதே 'க்', 'ம்'. பின்னாடி 'a' போட்டாத்தான் புள்ளி போகும். அதனால அவங்க அவசரப்பட்டா தேவையில்லாத இடத்துல புள்ளி வந்து உக்காரும். ஒருத்தர் புள்ளியைத் தொலைக்கிற ஜாதி, இன்னொருத்தர் புள்ளியை இறைக்கிற ஜாதி" என்பாள்.

"போன்ல அடிக்கிறவங்க?" என்று பக்கம் கட்டுகிற ஊழியர் ஒருமுறை கேட்டார்.

"அவங்க பணக்கார ஜாதி. வேலைக்கு ஆள் வச்சிருக்காங்க. ரெண்டு எழுத்து அடிச்சதுமே போன் தானா முழு வார்த்தையை நீட்டும். எழுத்துப் பிழையே இருக்காது. ஆனா வார்த்தையே வேற வார்த்தையா இருக்கும்."

இப்படிப் பத்திரிகைக்கு எழுதுகிற அத்தனை பேரின் விரல்களையும் முகம் பார்க்காமலே தெரிந்து வைத்திருந்தவள், சொந்தத் தங்கையின் விஷயத்தில்தான் சறுக்கினாள்.

தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கிறவள். வீட்டில் அவளுக்குப் பெயர் 'சின்னது'. வயது இருபத்தெட்டு ஆகியும் அந்தப் பெயர் மாறவில்லை. அப்பா அம்மா போனபிறகு அக்கா வீட்டோடுதான் இருக்கிறாள். ஒன்றரை மாதத்துக்கு முன்னால், அக்கா புருஷனுக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு வரன் வந்தது. பையன் நீதிமன்றத்தில் பதிவுப் பிரிவில் வேலை. அப்பா அதே நீதிமன்றத்தில் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன், அண்ணி, எல்லாரும் ஒரே வீடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் அன்றைக்கு வாய் திறந்து சொன்னது மொத்தம் ஒரே வாக்கியம். "எனக்குத் தண்ணி போதும்." போகிறபோது தன் மின்னஞ்சல் முகவரியை ஒரு சீட்டில் எழுதி, யாரும் பார்க்காத சமயத்தில் சின்னதின் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். வரன் கொண்டுவந்தவர் தன் பங்குக்கு, பையனோடு பேச என்று ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தார்.

அதிலிருந்து இரண்டு வழியிலும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒன்றாக மின்னஞ்சலில் நீளமான கடிதம். நடுநடுவே போனில் குட்டிக் குட்டிச் செய்திகள். பதிலைச் சொல்ல வருகிற ஞாயிறு கெடு.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்தபோது, சின்னது சாப்பாட்டு மேஜையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் அக்கா புருஷன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. கை நகத்திலிருந்து கிரீஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, மூஞ்சி தொங்குது?"

"அக்கா, இவர் ஒரு சமயம் ஒரு மாதிரி பேசறாரு. லெட்டர்ல பார், 'உங்க கடை எட்டு மணிக்கு மூடும் என்றால் நான் ஏழே முக்காலுக்கு வாசலில் நிற்பேன், சேர்ந்து வரலாம்'னு எழுதறாரு. போன்ல பார், 'இங்க வந்தபிறகு வேலைக்குப் போய்க் கஷ்டப்பட வேண்டாம்'னு வருது. எதை நம்பறது?"

"ஆம்பளைங்க அப்படித்தாம்மா" என்றார் அக்கா புருஷன், நகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கடுதாசில ஒண்ணு, கறிகாய் வாங்கப் போறப்போ ஒண்ணு."

"நீங்க சும்மா இருங்க. உங்க கடுதாசி எல்லாம் இன்னும் என் பெட்டியிலதான் இருக்கு. எடுத்துப் படிக்கட்டுமா?"

அவர் உடனே நகத்துக்குத் திரும்பினார்.

சின்னதுக்கு வேலை என்றால் உயிர். எதிரே உட்காருகிற ஆளுக்குச் சரியான கண்ணாடி வில்லையைப் போட்டதும், சுவரில் மாட்டிய எழுத்து அட்டையின் கடைசி வரியை அவர் படிக்கிறபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதை விட்டுவிட்டு வா என்று சொல்கிற வீட்டுக்கு அவள் போக மாட்டாள். அது அக்காவுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடிதங்களை எழுதிய ஆளை அவளுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. அதுவும் அக்காவுக்குத் தெரியும். போன வாரம் குளிக்கப் போனவள் கடிதம் வந்த சத்தம் கேட்டுத் துண்டோடு ஓடி வந்ததைப் பார்த்தவள்தானே!

"கொண்டா இப்படி. ரெண்டையும் காட்டு" என்றாள்.

கடிதங்களை அச்சகத்துப் பழக்கத்தில் வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். இரண்டாவது பத்தியிலேயே விரல் நின்றது. 'நாக் பள்ளியில் படித்தபோது' என்று இருந்தது. அடுத்து, 'எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெரிய தரம் நிற்கிறது.' அதற்கும் கீழே, 'நீங்கள் சொன்னது சரிதான. எனக்கும் அப்படியே தோன்றியது.'

அக்கா நாற்காலியை மேஜையோடு இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணில் வேட்டைக்களை வந்துவிட்டது.

"இங்க பார். 'நான்'னு அடிக்கப் போயி 'நாக்'னு வந்திருக்கு. 'மரம்'னு அடிக்கப் போயி 'தரம்'. டைப்ரைட்டர் முறையில நடு வரிசையை நினைச்சுக்கோ. ய, ள, ன, க, ப... அந்தப் பக்கம் த, ம, ட. 'ன'வுக்குப் பக்கத்து வீடு 'க'. 'ம'வுக்குப் பக்கத்து வீடு 'த'. விரல் ஒரு வீடு தள்ளி விழுந்திருக்கு. பொனெட்டிக்ல n-உம் k-யும் பக்கத்துப் பக்கத்துல இல்லவே இல்ல. அப்புறம் 'சரிதான' பார், புள்ளியைக் காணோம்."

"சரி, அதுக்கென்ன?"

"இரு, இரு. இது என்ன?" மூன்றாவது கடிதத்தின் தொடக்கத்தில் சம்பந்தமில்லாமல் jhkjkhf என்று இருந்தது. அதற்குப் பிறகு, 'எழுதுவதற்கு மன்னிக்கவும்.'

"அதுவா? ஏதோ பூனை கீபோர்டு மேல நடந்திருக்குன்னு நினைச்சேன்" என்றாள் சின்னது.

"பூனை இல்லடி. தமிழுக்கு மாத்தாம இங்கிலீஷ்லயே விட்டுட்டு டைப்ரைட்டர் முறையில அடிச்சிருக்கு. j-ன்னா 'த', h-ன்னா துணைக்கால், k-ன்னா 'ம'. த, கால், ம, த, ம, கால், க. 'தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும்.' ஸ்கிரீனைக்கூடப் பாக்கல, அவ்வளவு வேகம். இது ஊறிப்போன கை."

அக்கா புருஷன் கையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார். "எங்க லிஃப்ட்ல மொத்தமே பத்து பட்டன். அதுலயே ஜனங்க தப்பா அமுக்கிட்டு நம்மளைத் திட்டுறாங்க. நீ எங்கயோ போயிட்டம்மா!"

"இப்ப போனைக் குடு."

போனில் வேறு உலகம். சின்னது ஒருநாள் தனக்குப் பிடித்த ஒரு கதையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அதற்குப் பதில், 'கடை ரொம்ப நல்லா இருந்தது.' மற்றொரு நாள், 'ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பறக்கலாம்.'

"இது சுத்தமான பொனெட்டிக், போன்ல. kadai-ன்னு அடிச்சா 'கடை'யும் வரும், 'கதை'யும் வரும். போன் முதல்ல நீட்டினதைத் தொட்டுட்டாங்க. 'பார்க்கலாம்' பறந்து போச்சு. எழுத்து ஒண்ணுகூடச் சிதையல பார், வார்த்தைதான் மாறியிருக்கு."

"நான் அதெல்லாம் தமாஷுக்கு எழுதறார்னு நினைச்சு சிரிச்சேனே!" என்றாள் சின்னது பரிதாபமாக.

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இது ரெண்டு பேர்டி."

 அடுப்படியில் குக்கர் ஒருமுறை கூவியது.

"அப்ப எது அவரு?"

அக்கா யோசிக்கவே இல்லை. "போன்தான் பையன். அந்த வீட்ல டைப்ரைட்டர் கை யாருக்கு இருக்கு? முப்பது வருஷம் கோர்ட்ல அடிச்ச அப்பாவுக்கு. பையனுக்கு எழுத வரல, பெரியவர் மகனுக்காக உக்காந்து எழுதித் தள்ளியிருக்காரு."

சின்னது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா! அப்ப நான் இத்தனை நாளா அறுபது வயசுப் பெரியவருக்கா... 'உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்'னு வேற எழுதியிருக்கேனே!"

அக்கா புருஷன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். புரை ஏறியது.

"சிரிக்காதீங்க மாமா!"

"இல்லம்மா... சரி, நான் ஒண்ணு கேக்கறேன். பையனுக்கே டைப்ரைட்டர் முறை தெரிஞ்சிருக்கக் கூடாதா?"

"முப்பத்தஞ்சு வயசுக்குக் கீழ அந்த முறையில அடிக்கிற ஒரே ஒரு ஆளை எனக்குக் காட்டுங்க. ஏழு வருஷமா எனக்கு வர்ற படைப்பைப் பார்க்கிறேன், ஒருத்தர்கூட இல்ல."

"உனக்குக் கதை எழுதி அனுப்பறவங்கள்ள இல்ல. ஊர்ல இல்லைன்னு ஆயிடுமா?"

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிபுணர்களுக்கு அந்தக் காது கொஞ்சம் மந்தம்.

ஆனால் சின்னது போட்டுக்கொண்டாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனா உன் கணக்கு தப்பா இருந்தா? அந்த லெட்டர் எழுதினது அவரேதான்னா, நான் ஒரு நல்ல மனுஷனை 'க'வுக்கும் 'ன'வுக்கும் நடுவுல தொலைச்சுடுவேன். எனக்கு ருசு வேணும்."

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்போதே சின்னதின் மின்னஞ்சலிலிருந்து ஒரு கடிதம் போனது. 'என் அக்கா உங்களோடு பேச விரும்புகிறாள். சனிக்கிழமை நான்கு மணிக்கு அச்சகத்துக்கு வர முடியுமா? நானும் வருவேன்.' அரை மணியில் பதில் வந்தது. 'கட்டாயம் வருகிறேன.' புள்ளி இல்லை.

"பெரியவர் முழிச்சிட்டுதான் இருக்காரு" என்றாள் அக்கா.

சனிக்கிழமை நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே பையன் வந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. அச்சகத்தில் மை வாசனையும் இயந்திரச் சத்தமும். அவன் மிரண்ட மாதிரி தெரியவில்லை. வரிசையாக நின்ற மேஜைகளை ஏதோ கோயில் பிராகாரம் மாதிரி பார்த்துக்கொண்டே வந்தான். சின்னது மெய்ப்பு மேஜைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, போன வாரப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க தம்பி. தண்ணி போதுமா?" என்றாள் அக்கா.

அவனுக்குக் காது சிவந்தது. "போதும்ங்க."

"ஒரு சின்ன ஒத்தாசை. வாசகர் கடிதம் பக்கத்துக்கு ஒரு கடிதம் கையெழுத்துல வந்திருக்கு. அடிக்கிற அம்மா இன்னிக்கு லீவு. பக்கம் இப்ப மூடியாகணும். எனக்கு மெய்ப்பு குவிஞ்சு கிடக்கு. நீங்க கொஞ்சம் அடிச்சுக் குடுத்தா, நாம நிம்மதியா பேசலாம்."

பொய்தான். அடிக்கிற அம்மா லீவு இல்லை, அடுத்த அறையில் இதற்காகவே ஒளித்து வைக்கப்பட்டிருந்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் பொனெட்டிக் முறைதான் போடப்பட்டிருந்தது. பையன் போன்காரன் என்றால் சுலபமாக அடித்துவிடுவான். அப்போது 'இந்தக் கையா அந்தக் கடிதத்தை எழுதியது?' என்று நேருக்கு நேர் கேட்டுவிடலாம். அக்காவின் திட்டம் அவ்வளவுதான்.

பையன் மறுபேச்சு பேசவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்தான். கையெழுத்துத் தாளை இடது பக்கம் சாய்த்து வைத்தான். பிறகு பலகையைக் குனிந்து பார்க்காமலே இரண்டு கையையும் நடு வரிசையில் வைத்தான். எட்டு விரலும் தங்கள் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன, வகுப்பு மணி அடித்ததும் பிள்ளைகள் உட்காருகிற மாதிரி.

அக்கா ஒரு அடி முன்னால் வந்து அந்த விரல்களைப் பார்த்தாள்.

'ஐயா, உங்கள் இதழ் எங்கள் ஊருக்குத் தாமதமாக வருகிறது' என்று தொடங்கியது அந்தக் கடிதம். அவன் தாளையே பார்த்தபடி அடித்தான். கண் திரைப் பக்கம் திரும்பவே இல்லை. தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்ட மாதிரி சத்தம். பக்கம் கட்டுகிற ஊழியர் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்து பின்னால் நின்றார். அடுத்த அறையில் ஒளிந்திருந்த அம்மாள் அந்த வேகத்தைக் கேட்டுத் தாங்க முடியாமல் கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

ஐந்தே நிமிஷம். "முடிஞ்சுதுங்க" என்று நிமிர்ந்தான். அப்போதுதான் திரையைப் பார்த்தான்.

திரை முழுக்கப் புள்ளி மழை. 'ஜ்ஹ்க்ஜ்க்ஹ்' என்றும் அதற்கு மேலும் வாயில் நுழையாத கூட்டம். ஒரு பக்கம் நிறையத் தமிழ் எழுத்துதான். ஒரு வார்த்தைகூடத் தமிழ் இல்லை.

"ஐயையோ!" என்று நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டான். "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க. வேற முறையில இருந்திருக்கு. நான் பாக்கவே இல்ல."

அக்கா குனிந்து அந்தக் கூட்டத்தைப் படித்தாள். ஜ் என்றால் j, அது 'த'. ஹ் என்றால் h, அது கால். க் என்றால் k, அது 'ம'... தா, ம, த, மா.  ஒரு மனுஷன் நடிக்கலாம், தெரியாத மாதிரி தடுமாறலாம். ஆனால் ஒரு பக்கம் பூராவும் திரையைப் பார்க்காமல், வேற்றுப் பலகையின் மேல் தன் பலகையை அச்சுப் பிசகாமல் அடித்துவைக்க எவனால் நடிக்க முடியும்?

"தம்பி, நீங்க டைப்ரைட்டர் முறையா?"

"ஆமாங்க. அது ஒண்ணுதான் தெரியும். கோர்ட்ல சாட்சி சொல்றதை அப்படியே அடிக்கணும். ஸ்கிரீனைப் பார்த்தா வாயைப் பார்க்க முடியாது. அப்பா வீட்ல கத்துக்குடுத்தாரு. திரும்பிப் பார்த்தா அன்னிக்கு ராத்திரி பாத்திரம் நான்தான் தேய்க்கணும்."

"பதிவுப் பிரிவுன்னு சொன்னாங்களே, ஃபைல் அடுக்கற வேலைன்னு நினைச்சேன்."

"சாட்சியம் பதிவு பண்ற பிரிவுங்க."

அக்கா முறையை மாற்றிக் கொடுத்தாள். அவன் மறுபடி அடித்தான். இந்தத் தடவை தமிழ் வந்தது. எல்லாம் சரி, ஒரு 'ன்'னில் மட்டும் புள்ளி இல்லை. பக்கம் கட்டுகிறவர், "நம்ம புள்ளியக்காவுக்கு ஏத்த ஆளுதான்" என்று முணுமுணுத்துவிட்டு அவள் முறைப்புக்குப் பயந்து இடத்தைக் காலி செய்தார்.

பத்திரிகை மடிகிற சத்தம் கேட்டது. சின்னது ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அந்த லெட்டர் எல்லாம் நீங்கதான் எழுதினீங்களா?"

"வேற யாரு?" என்றான் அவன், நிஜமாகவே குழம்பி. "நேர்ல எனக்குப் பேச்சு வராது. விரல் வழியாத்தான் வரும். ஏன்?"

"அப்ப போன்ல யாரு?"

"எந்தப் போன்?"

சின்னது தன் போனை நீட்டினாள். அவன் அந்த நம்பரைப் பார்த்தான். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பொத்தான் போனை எடுத்து மேஜை மேல் வைத்தான். தமிழே ஏறாத போன் அது. "என்கிட்ட இருக்கிறது இதுதாங்க. கோர்ட்டுக்குள்ள வேற போன் விடமாட்டாங்க. அது... அது எங்க அண்ணி நம்பர்."

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இரண்டு பேர் என்று சொன்னது சரி. எது யார் என்று சொன்னதுதான் தலைகீழ். கருவியைக் கண்டுபிடித்தவள் ஆளையும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். வீட்டில் நகத்திலிருந்து கிரீஸ் எடுத்த மனுஷன் கேட்ட ஒரே கேள்வி இப்போது காதில் நன்றாகக் கேட்டது.

பையன் பொத்தான் போனில் அண்ணியைக் கூப்பிட்டான். அந்தப் போனில் சத்தம் தானாகவே ஊருக்குக் கேட்கும்.

"அண்ணி, நீங்க அவங்களுக்கு மெசேஜ் அனுப்பினீங்களா?"

"பின்ன? நீ கல் மாதிரி உக்காந்திருந்தா? தரகு பேசினவரு என் நம்பரைக் குடுத்துட்டாரு. அந்தப் பொண்ணு பாவம், 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டிருந்துச்சு. பதில் போடலேன்னா திமிருன்னு நினைக்காதா? அதான் நாலு வார்த்தை போட்டேன். நீன்னு நினைச்சா நினைச்சுக்கட்டும், வரன் தவறாம இருந்தா சரின்னு விட்டுட்டேன்."

"வேலையை விட்டுடச் சொன்னீங்களா அண்ணி?"

"எங்கடா சொன்னேன்? கஷ்டப்பட வேண்டாம்னு சொன்னேன். நான் துணிக்கடையில பதினோரு மணி நேரம் நின்னு காலு வீங்கினவ. இந்த வீட்டுக்கு வந்தப்பதான் உங்க அண்ணன் 'போதும் உக்காரு'ன்னாரு. அது எனக்கு எவ்வளவு பெரிசா இருந்துச்சு தெரியுமா? அதையே அந்தப் பொண்ணுக்கும் சொன்னேன். ஏன், தப்பா ஆயிடுச்சா? அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்கா?"

சின்னது குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். "இருக்கேன் அக்கா."

"அம்மாடி! கோவமா?"

"கோவம் இல்ல. ஆனா ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து எங்க பறக்கப் போறோம்?"

 அந்தப் பக்கமிருந்து ஒரு பெரிய சிரிப்பு கிளம்பியது. "அந்தப் பாழாப்போன போன், நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு சொல்லுது! எங்க வீட்டுக்காரருக்கு 'அரிசி வாங்கிட்டு வாங்க'ன்னு போட்டா 'அரசி வாங்கிட்டு வாங்க'ன்னு போயிருக்கு. அவரு பதறிப்போய் வந்தாரு. சரி, நான் வைக்கிறேன், நீங்க பேசுங்க. டேய், வாயைத் திறந்து பேசுடா!"

போன் அடங்கியது. அக்கா மெய்ப்புத் தாளை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டாள். ஒரு வரியும் படிக்கவில்லை.

"நேராவே கேட்டுடறேன்" என்றாள் சின்னது. "நான் வேலையை விட மாட்டேன். சில நாள் எட்டு மணி ஆகும், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்துல ஒன்பதுகூட ஆகும். அதுக்கு உங்க பதில் என்ன?"

அவன் மேஜையைப் பார்த்தான். விரல்கள் தானாக மேஜை விளிம்பில் ஏதோ அடித்துப் பார்த்துக்கொண்டன. பிறகு நிமிர்ந்தான்.

"நான் எழுதினதுதான். ஏழே முக்காலுக்கு வாசல்ல நிப்பேன். ஒன்பதாச்சுன்னா ஒன்பது வரைக்கும் நிப்பேன். உள்ள பெஞ்சு இருந்தா உக்காருவேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "அண்ணி சொன்னதை நான் சொன்னதா நினைச்சு, ஞாயித்துக்கிழமை வேண்டாம்னு சொல்ல இருந்தீங்களா?"

"இருந்தேன். எங்க அக்கா அந்த லெட்டரையெல்லாம் உங்க அப்பா எழுதினாருன்னு தீர்ப்பே குடுத்துட்டா."

"அப்பாவா?" என்று அவன் முதல்தடவையாகச் சிரித்தான். "அப்பா ஒரு புள்ளிகூட விடமாட்டாரே! முப்பது வருஷத்துல ஒண்ணு விட்டதில்லை. அதுக்காகத்தான் என்னைத் தினமும் திட்டறாரு."

தாளுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சரிதான் தம்பி, தப்பு என் மேல. ஏதோ எனக்கு வர்ற நாலு பேரை வச்சு ஊரையே எடை போட்டுட்டேன். இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஆறு மாசத்துக்கு லிஃப்ட் மாதிரி இதையே ஏத்தி இறக்குவாரு."

சின்னது அதைக் கவனிக்கவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் துணிப்பையை எடுக்கக் குனிந்தபோது, மேஜையில் கிடந்த கையெழுத்துத் தாளை ஒருதரம் எடுத்துக் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தான் அடித்தது சரிதானா என்று சோதித்தான்.

"இந்தக் கண்ணாடி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"அது... அஞ்சாறு வருஷம் இருக்கும்."

"நினைச்சேன். கிட்டத்துல இருக்கிறது உங்களுக்குச் சரியாத் தெரியல. திங்கட்கிழமை சாயங்காலம் கடைக்கு வாங்க, அளந்து பார்க்கிறேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை... பதில்..."

"திங்கட்கிழமையும் வாங்க, அடுத்த மாசம் வில்லை வந்ததும் வாங்க. கல்யாணம் ஆனப்புறமும் வருஷத்துக்கு ஒருதரம் வந்து அளந்துக்கணும். நான் அந்தக் கடையிலதான் இருப்பேன்."

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும், நேரில் பேச்சு வராத அந்த மனுஷன் அச்சகம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எத்தனை மணிக்கு?" என்றான்.